மீதி 12 முழம் எங்கிருந்து வந்தது?

ஐந்தாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகம் ஒன்றுக்கு இப்படி ஒரு வாக்கியக் கணக்கு எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். "முழம் 20 ரூபாய் வீதம் விற்கும் ஒரு பூ வியாபாரி தான் கொண்டுவந்த 48 முழம் மல்லிகைச் சரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காலையிலும் பாதியை மாலையிலும் விற்றபின் 12 முழம் மீதம் இருந்தது எனில் அவருக்குக் கிடைத்தது எவ்வளவு?"

மேலோட்டமாகப் படித்தால் குறை எதுவும் தெரியாது. பெரியவர்கள் பலர் மனதுக்குள்ளேயே ஒரு விடையைப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். பென்சிலை எடுத்து வரி வரியாகப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் வெளியே வரும்.

காலையில் விற்றது 48-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 முழம். இதுவரை தகராறு இல்லை. மாலையில் விற்ற "பாதி" எதில் பாதி? கொண்டுவந்த 48-இல் பாதி என்றால் 24 முழம். மொத்தம் 40 முழம் விற்று, 800 ரூபாய் வந்திருக்கும். காலை வியாபாரம் போக இருந்த 32-இல் பாதி என்றால் 16 முழம்தான். அப்போது விற்றது 32 முழம், பணம் 640 ரூபாய். முதல் கணக்கில் மீதி 8, இரண்டாவதில் 16. எப்படிப் போட்டாலும் 12 வராது. பங்கு, பாதி எதையும் கண்டுகொள்ளாத ஒரு பிள்ளை 48-இல் 12 கழித்து, 36 முழத்துக்கு 720 ரூபாய் என்று எழுதினால் அதையும் தப்பென்று அடிக்க முடியாது. கேள்வியில் இருக்கும் எண்களைக் கொண்டுதான் அது விடை கண்டிருக்கிறது.

போதாக்குறைக்குக் கடைசிச் சொற்களும் நழுவுகின்றன. "கிடைத்தது எவ்வளவு" என்றால் கைக்கு வந்த பணமா, லாபமா? வியாபாரிக்குப் பூ என்ன விலைக்குக் கிடைத்தது என்ற தகவலே கேள்வியில் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைதான் இந்த இடத்தில் தயங்கி நிற்கும்.

திருத்த உட்காருபவர் முதலில் முடிவு செய்யவேண்டியது, இந்தக் கணக்கு எதைச் சோதிக்கிறது என்பதை. மீதியில் பாதி காண்பதுதான் பாடம் என்றால் அதை ஐயமில்லாமல் சொல்லிவிட வேண்டும். 12 என்ற எண்ணை என்ன செய்வது? 16 என்று மாற்றினால் எண்கள் பொருந்திவிடும். ஆனால் அங்கே வேறொரு ஓட்டை திறக்கும். மீதி 16 என்று கேள்வியே சொல்லிவிட்டால், 48-இல் 16 கழித்து 20-ஆல் பெருக்கி வேலையை முடித்துவிடலாம். பின்னத்தைத் தொடாமலே சரியான விடை வந்துவிடும். ஆசிரியரும் பிள்ளைக்குப் பின்னம் புரிந்துவிட்டது என்று நம்பி மதிப்பெண் போடுவார். ஆகவே மீதியைச் சொல்லும் அந்தத் துண்டை அடியோடு எடுத்துவிடுவதே சரி.

திருத்திய வடிவம் இப்படி இருக்கலாம்: "செல்வி அக்காவிடம் 48 முழம் மல்லிகைச் சரம் இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கைக் காலையில் விற்றார். காலையில் விற்றதுபோக மீதி இருந்த சரத்தில் பாதியை மாலையில் விற்றார். ஒரு முழத்தின் விலை 20 ரூபாய். அன்று பூ விற்று அவருக்கு மொத்தம் எத்தனை ரூபாய் வந்தது?"

பழைய வடிவத்தைவிட இது நீளம். சுருக்கினால் எளிமையாகிவிடும் என்று எண்ணுவது சின்ன வகுப்புக் கணக்குகளில் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. தமிழில் ஒரு பெயருக்கு முன்னால் "விற்கும்", "கொண்டுவந்த" என்று அடைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். வினை கடைசியில்தான் வரும். முதல் வடிவத்தில் விலை, மொத்தம், பங்கு, பாதி, மீதி என்று ஐந்து செய்திகளையும் சுமந்துகொண்டே பிள்ளை "எனில்" வரை வரவேண்டும். யார், என்ன செய்தார் என்பது அதற்குப் பிறகுதான் தெளிவாகும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, நடந்த வரிசையிலேயே என்று பிரித்துவிட்டால், ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்று ஒரு வரி கணக்குப் போட முடியும். "எனில்", "வீதம்" போன்றவை தவறான சொற்கள் அல்ல. எட்டு, ஒன்பது வயதில் அவை கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் காதில் விழாதவை, அவ்வளவுதான். முழம் என்பது விற்பவரின் கையைப் பொறுத்து நீளவும் குறுகவும் செய்யும் என்பது பூ வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். நல்லவேளையாக அந்தச் சண்டை இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

எளிதாக்கவே கூடாத கணக்குகளும் உண்டு. "கவினிடம் 12 கோலிக்குண்டுகள் உள்ளன. இது யாழினியிடம் உள்ளதைவிட 4 அதிகம். யாழினியிடம் எத்தனை?" பல பிள்ளைகள் "அதிகம்" என்ற சொல்லைக் கண்டதும் கூட்டி, 16 என்று எழுதிவிடும். விடை 8. சொல் ஒரு பக்கமும் செய்யவேண்டிய செயல் எதிர்ப்பக்கமும் இழுக்கும் இத்தகைய கணக்குகளில் கல்லூரி மாணவர்களே அதிகம் சறுக்குகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் லூயிஸும் மேயரும் 1987-இல் காட்டினார்கள். ஒப்பிடுவதைப் புரிந்துகொள்கிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கேள்வி என்றால் அப்படியே விடவேண்டும். வெறும் கழித்தல் பயிற்சி என்றால் "யாழினியிடம் கவினைவிட 4 குறைவு" என்று மாற்றிவிடலாம். "மூன்று மடங்கு அதிகம்" மட்டும் எந்த நோக்கத்துக்கும் உதவாது. 5-க்கு மூன்று மடங்கு அதிகம் என்பதைச் சிலர் 15 என்பார்கள், சிலர் 20 என்பார்கள். "5-ஐப் போல் மூன்று மடங்கு" என்று எழுதினால் 15 ஒன்றுதான்.

இவ்வளவு குழப்பம் இருந்தால் பிள்ளைகளே கேட்கமாட்டார்களா? கேட்பது குறைவு. பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வுக்குழு ஒன்று 1980 வாக்கில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தது. கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். புத்தகத்தில் அச்சான கணக்கு என்றால் அதற்கு ஒரு விடை இருந்தே தீரும் என்று பள்ளி அவர்களைப் பழக்கியிருந்தது. ஆகவே வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை என்பது கேள்வி சரியாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

வேறு வழிகள் உண்டு. எழுதியவர் அல்லாத ஒருவர் விடைப்பட்டியலைப் பார்க்காமல் கணக்கைப் போட்டுப் பார்ப்பது ஒன்று. ஒரு பிள்ளையிடம் கொடுத்து, போடச் சொல்லாமல், "என்ன நடந்தது, என்ன கேட்கிறார்கள்?" என்று சொந்தச் சொற்களில் சொல்லவைப்பது இன்னொன்று. மாலையில் விற்றதைப் படமாகக் கோடு போட்டுக் காட்டச் சொன்னால், அது 48-ஐப் பாதியாக்குகிறதா 32-ஐயா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தேர்வுத்தாள்களில் ஒரே "தவறான" விடை பலரிடம் வந்திருந்தால், முதலில் சந்தேகிக்கவேண்டியது கேள்வியை.

கேள்வியைத் திருத்திய பிறகும் வேலை பாக்கி இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஓவியத்தில் விலைப் பலகை 15 ரூபாய் என்று காட்டலாம். ஆசிரியர் கையேட்டில் பழைய செய்முறை அப்படியே கிடக்கலாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இன்னும் 720 என்றே இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுச் சரியாக 640 போட்ட பிள்ளை அழிப்பானைத் தேடும்.