லாபம் ஏட்டில், பணம் எங்கே?

மார்ச் 31-ல் ஒரு ஏக்கர் கரும்புக் கணக்கை முடித்தேன். லாபம் 42,000 ரூபாய். ஆனால், கையிருப்பும் வங்கி இருப்பும் சேர்ந்து 35,000 குறைந்திருந்தது. "பேங்க்ல இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தீங்க, எங்கேயோ தப்பு விட்டுட்டீங்க" என்றார் வீட்டம்மா. தப்பு இல்லை. இரண்டும் சரி.

பணம் கை மாறும் நாளில் எழுதுவது ரொக்கக் கணக்கு. வெட்டிய கரும்பில் 40 டன் ஆலைக்குப் போனது. டன்னுக்கு 3,000 வீதம் 1,20,000 ஆகிறது. வந்தது பாதி, 60,000. வெட்டுக்கூலி 36,000, மற்ற ஆள்கூலி 24,000, கடலைப் புண்ணாக்கு 10,000, புது மோட்டார் 25,000 என்று 95,000 கொடுத்தேன். அதனால்தான் 35,000 துண்டு.

வருமானம் நமக்கு உரிமையான நாளில், செலவு பயன்பட்ட காலத்தில் எழுதுவது அக்ரூவல் கணக்கு. கரும்பை ஆலையில் எடை போட்டதுமே 1,20,000-மும் வருமானம். புண்ணாக்கில் பாதி இன்னும் மூட்டையில் இருக்கிறது; செலவு 5,000-தான். மோட்டார் ஐந்து வருஷம் ஓடும் என்று வைத்தால் இந்த வருஷப் பங்கு 5,000. கடனுக்கு வாங்கி நட்ட கரணைக்கு இன்னும் தராத 8,000-மும் செலவுதான். கூலியோடு சேர்த்து மொத்தம் 78,000. மீதி 42,000 லாபம்.

இரண்டுக்கும் வித்தியாசம் 77,000. ஆலை பாக்கி 60,000, புண்ணாக்கு 5,000, மோட்டாரில் மீதி 20,000 கூட்டி, கரணைக் கடன் 8,000 கழித்தால் அதே 77,000. இப்படி ரூபாய்க்கு ரூபாய் நேராகவில்லை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

இது தலைகீழாகவும் வரும். கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டவர், கிழங்கு பிடுங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், மடியில் காசு இருக்கும். ஆனால் அது வருமானம் இல்லை, கிழங்காகத் தீர்க்க வேண்டிய கடன்.

ரொக்கத்தை மட்டும் பார்த்திருந்தால், கரும்பு நஷ்டம் என்று தோட்டத்தை அழித்திருப்பேன். லாபத்தை மட்டும் பார்த்திருந்தால், இல்லாத பணத்தை நம்பிப் பயிர்க்கடன் தவணைக்கு வாக்குக் கொடுத்திருப்பேன். பயிர் தேறுமா என்பதற்கு லாபத்தைப் பாருங்கள். தவணைக்கும் கூலிக்கும் ரொக்கத்தைப் பாருங்கள்.

அக்ரூவலில் ஒரு பள்ளம் உண்டு: பாக்கி வந்துவிடும் என்று அது நம்புகிறது. 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி. ஆனாலும் அந்த வட்டியை நான் வருமானமாக எழுதவில்லை, கைக்கு வந்தால்தான் எழுதுவேன். வங்கியும் கடன் வாராக்கடன் ஆனதும் அதன் வட்டியை வசூலான பிறகே வருமானமாக எழுதும். வருஷா வருஷம் லாபம் ஏறி, பாக்கியும் கூடவே ஏறினால், அந்த லாபம் காகிதத்தில்தான் இருக்கிறது.