படத்தில் நிற்கும் வண்டி, மணிக்கு எத்தனை?

மொட்டைமாடியிலிருந்து சாலையை நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் நீளத்தில் தெரிந்த வண்டிகள்: 3, 5, 4, 6, 2, 4. இவற்றைக் கூட்டி, ஆறு நிமிடத்தில் 24 வண்டி போயின என்று சொல்லிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டு படங்களுக்கு நடுவே ஓடி மறைந்தவை அதில் வராதே!

சராசரியைப் பாருங்கள்: 200 மீட்டருக்கு 4, அதாவது கிலோமீட்டருக்கு 20. இனி வேகம் வேண்டும். ஒரு நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் வண்டிகள் சராசரியாக 10 மீட்டர் நகர்ந்திருந்தால், வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். 20-ஐ 36-ஆல் பெருக்கினால் மணிக்கு 720 வண்டிகள்.

அருகில் சிக்னல் இருந்தால் கவனம். அதன் சுற்றும் 60 நொடியானால் எல்லாப் படமும் சிவப்பிலேயே விழலாம். அங்கே 47 நொடிக்கு ஒரு படம் எடுங்கள்.