மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் பேச்சாளர் குறிப்பு

விவசாயிகள் மாநாடு கூட்டும் பஞ்சாயத்துகள், நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பேச்சாளரைப் பற்றியும் சில வரிகள் அச்சிடுவதுண்டு. வந்திருக்கும் விவசாயி அவ்வரிகளைப் பார்த்தே, தம் ஐயத்தை எவரிடம் கேட்கலாம் என்று தீர்மானிக்கிறார். ‘வேளாண் செம்மல்’, ‘மண்ணின் மைந்தர்’ போன்ற அடைமொழிகளைக் கொண்டு அவர் எதையும் தீர்மானிக்க இயலாது.

புதுச்சேரி வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கூடப்பாக்கத்து விவசாயி வெங்கடபதி ரெட்டியாரை அறிமுகம் செய்ய, வழக்கமான நிரல் இவ்வாறு எழுதும்: “உலகப் புகழ்பெற்ற வேளாண் மேதை, எண்ணற்ற விருதுகளின் நாயகர், பத்மஸ்ரீ வெங்கடபதி ரெட்டியார் அவர்கள்.” இதைப் படித்தபின், அவர் நெல்லைப் பற்றிப் பேசுவாரா, பூவைப் பற்றிப் பேசுவாரா என்பதுகூட விளங்கவில்லை.

இதனையே கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

“வெங்கடபதி ரெட்டியார், வில்லியனூர் கொம்யூன் கூடப்பாக்கத்து விவசாயி. கனகாம்பரத்திலும் சவுக்கிலும் புதிய இரகங்களை உருவாக்கியவர். 2012-ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார்.”

இங்கு ஊர், தொழில், செய்த வேலை, விருது, அதை அளித்தவர், ஆண்டு ஆகிய யாவும் மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டன. ஒவ்வொன்றையும் எவரும் சரிபார்க்கலாம். கனகாம்பரம் பயிரிடுவோர் தமக்குரிய பேச்சாளர் இவரே என்பதை உடனே அறிவர். எத்தனை இரகங்கள் என்று எண்ணிக்கை சேர்க்க விரும்பினால், அதனைப் பேச்சாளரிடமே கேட்டு எழுத வேண்டும். செவிவழி எண் ஒரு மேடைக்கு ஒன்றாக வளர்ந்துகொண்டே போகும்!

விருதின் பெயரைப் பெயருக்கு முன்னிருந்து நீக்கி வாக்கியத்துள் வைத்ததற்குக் காரணம் உண்டு. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல என்றும், அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்துக்கொள்ளலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்துள்ளது. விருது பெற்ற செய்தியைக் கூறுவதற்குத் தடையில்லை.

திருக்கனூரில் இன்னொரு தவறும் நேரக்கூடும். அவ்வூரின் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆயினும் அக்குறியீடு கைத்தொழிலுக்கு உரியதேயன்றித் தனி மனிதருக்கு உரியதன்று. ஆகவே அத்தொழிலாளர் ஒருவரை ‘புவிசார் குறியீடு பெற்ற கலைஞர்’ என்று எழுதலாகாது. ‘புவிசார் குறியீடு பெற்ற திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கைவினையில் இத்தனை ஆண்டுகளாக ஈடுபட்டிருப்பவர்’ என்பதே சரி.

குறிப்பைத் தொகுப்பவர் பேச்சாளரிடம் மூன்று செய்திகளைக் கேட்டால் போதும்: இப்போது என்ன செய்கிறார், உரைப்பொருளில் தாமே செய்து பார்த்தது என்ன, எந்த ஆண்டில். உரையோடு தொடர்பில்லாத பதவிகளை விட்டுவிடலாம். பதவிக்காலம் முடிந்திருப்பின் ‘முன்னாள்’ என்ற சொல்லோடு ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும். பழைய நிரலைப் பார்த்து எழுதும்போது பெரும்பாலும் இதிலேதான் பிழை நேர்கிறது.

தலைவர் மேடையில் இதனையே வாசிப்பாராதலால், ‘நான்’ என்று பேச்சாளர் எழுதித் தந்திருந்தால் படர்க்கைக்கு மாற்றிக்கொள்க. ஏறத்தாழ நாற்பது சொற்களுக்குள் நிறுத்தி, அச்சுக்கு அனுப்புமுன் பேச்சாளருக்கு ஒருமுறை படித்துக் காட்டுதல் வேண்டும்.