ஒப்புதல் கிடைத்த பிறகும் ஏன் வரிசை?

மென்பொருள் குழுவில் ஒருவர் தன் மாற்றத்தைப் பொதுக் கோப்பில் சேர்க்கக் கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட். சக ஊழியர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்துவிட்டார், சோதனைகளும் தேறிவிட்டன. இருந்தும் கிட்ஹப் அதை மெர்ஜ் க்யூவில் நிறுத்துகிறது.

ஓர் உதாரணம். `getPrice` என்ற செயல்கூறின் பெயரை கவிதா `fetchPrice` என்று மாற்றுகிறார். அதே நாளில் முருகன் எழுதும் புதிய பக்கம் பழைய பெயரையே அழைக்கிறது. இருவரும் தொட்டவை வேறு வேறு வரிகள். அதனால் மோதல் எதுவும் தெரியாது. தனித்தனியே இரண்டும் தேறும். இரண்டையும் சேர்த்தால் `main` கிளை உடையும். ஒப்புதல் தந்தவர் இதைக் கண்டுபிடித்திருக்க வழியில்லை.

அதனால்தான் க்யூ ஒரு தற்காலிகக் கிளையை உருவாக்குகிறது. இன்றைய `main`, முன்னால் நிற்கும் கவிதாவின் மாற்றம், அதன்மேல் முருகனுடையது என அடுக்கி, சோதனைகளை மறுபடி ஓட்டுகிறது. முருகனுடையது தோற்று வெளியேறும். அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்குப் புதிய அடுக்கில் சோதனை மீண்டும் தொடங்கும். பிறர் தவறால் நம் காத்திருப்பு நீள்வது இப்படித்தான். உடைந்த `main` மொத்தக் குழுவையும் முடக்கும் என்பதால், இந்தத் தாமதம் தகும் என்றே நினைக்கிறேன்.

சோதனை தொடங்காமலே காத்திருந்தால் காரணம் வேறு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்பில் இந்தக் கடைசி வரி விடுபட்டிருக்கலாம்:

```
on:
  pull_request:
  merge_group:
```

அது இல்லாவிட்டால் க்யூ கேட்கும் சோதனை ஓடவே ஓடாது. குறித்த நேரம் கடந்ததும் மாற்றம் வரிசையிலிருந்து நீக்கப்படும்.