அமைச்சருக்கு இரண்டு பக்கம்

பொதுக்கொள்கை வகுப்பில் நான் கொடுக்கும் அசைன்மென்ட் ஒன்று உண்டு. முறைசாராத் தொழில்களுக்கு வரி போடுவது பற்றி நிதியமைச்சருக்கு இரண்டு பக்கக் குறிப்பு. மாணவர்கள் பெரும்பாலும் "வரி வலையை விரிவாக்க வேண்டும்" என்றே தொடங்குவார்கள். யாருடைய கடை, என்ன சரக்கு, எவ்வளவு வரி என்று கேட்டால் எழுத்து நின்றுவிடும். அதனால் இப்போது பெங்களூருவைக் கொடுக்கிறேன்.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவுகளைப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 11,000 ரூபாய். சுறுசுறுப்பான பெட்டிக்கடைக்கு இது எட்டாத தொகை அல்ல. நோட்டீஸ் வந்ததும் பல கடைகளில் கியூஆர் அட்டை மறைந்து, "ரொக்கம் மட்டும்" என்ற தாள் தொங்கியது.

முதலில் அந்த வரவையே பிரித்துப் பார்க்கச் சொல்வேன். கைமாற்றாக வந்த பணமும் அதில் இருக்கும். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அதை மட்டும் விற்பவர் எவ்வளவு விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வங்கி வரவு இதையெல்லாம் சொல்லாது.

அடுத்தது கணக்கு. அன்றைக்கு 18 சதவீத வரியில் இருந்த சோப்பு, பிஸ்கட் மாதிரிப் பொருள்களை ஆண்டுக்கு 45 லட்சத்துக்கு விற்ற ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பத்து சதவீதம் லாபம் என்றால் கையில் நிற்பது நாலரை லட்சம். தொகுப்புத் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில், இருந்திருந்தால் விற்பனையில் ஒரு சதவீதம், 45,000 ரூபாய் கட்டியிருப்பார். ஆனால் அதில் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். கடந்த ஆண்டுகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. வாடிக்கையாளர் கொடுத்த விலைக்குள்ளேயே வரி அடங்கியது என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 6 லட்சத்து 86 ஆயிரம் வருகிறது. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழிக்கவும் வழியில்லை. அபராதமும் வட்டியும் தனி. லாபத்தைவிடப் பெரிய வரியை எந்தக் கடை கட்டும்?

நல்ல குறிப்பு இங்கேதான் பிறக்கிறது. வரம்பையும் விகிதத்தையும் மாநில அமைச்சர் தனியாக மாற்ற முடியாது. அது ஜிஎஸ்டி கவுன்சிலின் வேலை. எனவே அவர் கையில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும்: பழைய பாக்கியைத் துரத்தாமல், கடைத்தெருவிலேயே முகாம் போட்டு, வரும் ஆண்டிலிருந்து தொகுப்புத் திட்டத்தில் சேர்ப்பது. போராட்டம் மூண்டதும் கர்நாடக அரசும் பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று சொல்லி, பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டது. நோட்டீஸுக்கு முன்பே அதைச் செய்திருக்கலாம் என்பதே என் வருத்தம்.

செலவையும் எழுதியாக வேண்டும். அந்த 45,000இல் மாநிலத்தின் பங்கு பாதி, 22,500 ரூபாய். ஓர் அதிகாரி ஒரு கடைக்கு எத்தனை நாள் செலவழிக்கலாம் என்பதை அந்தத் தொகைதான் தீர்மானிக்கும். பலன் கிடைத்ததா என்று பார்க்க வசூல் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முகாம் நடந்த தெருவில் எத்தனை கடைகளில் கியூஆர் அட்டை திரும்பவும் ஒட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணினால் போதும்.