ஊசித்துளையும் டார்ச்சும்

கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழாகப் படிக்கச் சொல்வார்கள். நான்காவது வரியில் எழுத்துகள் கலங்கத் தொடங்கினால், லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு முன் இன்னொரு சோதனை உண்டு. நடுவில் ஒரே ஒரு சிறு துளை உள்ள கறுப்புத் தகட்டைக் கண்ணுக்கு முன் பிடித்து மறுபடி படிக்கச் சொல்வார்கள். துளையின் அகலம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் ஓட்டைதான். ஆனாலும் பலருக்கு அடுத்த இரண்டு மூன்று வரிகள் தெளிந்துவிடும். தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் ஒளியைக் குவிப்பதில் இருக்கிறது, கண்ணாடி போட்டால் சரியாகும். தெளியாவிட்டால் விழித்திரையையும் பார்வை நரம்பையும் சோதிக்க வேண்டும். அங்கே உதவுவது ஒரு சிறிய டார்ச்.

வெறும் ஓட்டை எப்படிப் பார்வையைத் தெளிவாக்குகிறது? பலகையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி விரிந்துகொண்டே வருகிறது. நம் கருவிழியின் நடுவே கறுப்பாகத் தெரியும் பாப்பா ஒரு துளைதான். அதன் வழியாக நுழைந்த ஒளிக்கற்றை விழித்திரையில் மறுபடி ஒரு புள்ளியாகக் கூட வேண்டும். விழித்திரைக்கு முன்பாகவோ பின்பாகவோ கூடினால், திரையில் புள்ளிக்குப் பதில் ஒரு மங்கல் வட்டம் விழும். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது எழுத்து கலங்குகிறது. அந்த வட்டத்தின் அகலத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: குவியம் எவ்வளவு தப்பியது, ஒளி நுழைந்த துளை எவ்வளவு அகலம். பாப்பா 4 மில்லிமீட்டராக இருந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் துளையை வைத்தால், குவியம் தப்பியது தப்பியபடியே இருக்க, மங்கல் வட்டம் மட்டும் கால்பங்காகச் சுருங்கிவிடுகிறது. தூரத்துப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கக் கண்ணை இடுக்குகிறோமே, அதுவும் இதே காரியம்தான். வெயிலில் பாப்பா தானாகச் சுருங்கும். அதனால்தான் வீட்டுக்குள் படிக்க முடியாத மருந்து அட்டையை வாசலுக்குக் கொண்டுபோனால் படிக்க முடிகிறது. துளையை இன்னும் சின்னதாக்கிக்கொண்டே போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவி, படம் மறுபடி மங்கும்.

ஒளியைக் குவிக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது நாம் நினைப்பதுபோல் உள்ளே இருக்கும் லென்ஸ் அல்ல. கண்ணின் முகப்பில் உள்ள கார்னியா என்னும் தெளிந்த படலம்தான். கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் 43 அளவுக்குக் கார்னியாவுடையது. டயாப்டர் என்பது குவியத் தூரத்தை மீட்டரில் எழுதித் தலைகீழாக்கிய எண்: ஒரு மீட்டரில் குவித்தால் 1, அரை மீட்டரில் குவித்தால் 2. கார்னியாவின் திறன் மாறாது. கிட்டத்தில் பார்க்கக் கூடுதல் திறன் தேவைப்படும்போது தன் உருவத்தை மாற்றிக்கொள்வது லென்ஸ்தான். 1801இல் தாமஸ் யங் தன் கண்ணையே தண்ணீரில் வைத்து இதைச் சோதித்தார். தண்ணீர் கார்னியாவின் குவிப்புத் திறனை அநேகமாக அழித்துவிடும். அப்படியும் கிட்டத்துக்குத் தகவமைக்கும் ஆற்றல் குறையவில்லை. ஆகவே அது கார்னியாவின் வேலை இல்லை என்று அவர் முடிவுகட்டினார்.

அந்தத் தகவமைப்பு நடக்கும் விதம் பலர் ஊகிப்பதற்கு நேர்மாறானது. லென்ஸைச் சுற்றி நுண்ணிய இழைகள் கட்டியிருக்கின்றன. தூரத்தைப் பார்க்கும்போது அந்த இழைகள் விறைப்பாக நின்று லென்ஸைத் தட்டையாக வைத்திருக்கும். கிட்டத்தைப் பார்க்கும்போது சிலியரி தசை என்னும் வளையத் தசை சுருங்கும். வளையம் குறுகுவதால் இழைகள் தளரும், லென்ஸ் தன் இயல்பான வளைவுக்கு உப்பும். தசை லென்ஸை இழுப்பதில்லை. உப்புவதற்கு இடம் விடுகிறது. லென்ஸோ வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டும் இறுகிக்கொண்டும் போகிறது. நாற்பதைத் தாண்டும்போது, இழைகள் தளர்ந்தாலும் அது பழையபடி உப்ப மறுக்கிறது. இதுதான் வெள்ளெழுத்து. தசை சோர்ந்ததால் வருவது என்ற எண்ணத்தில் கண்ணுக்குப் பயிற்சி சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். இறுகிப்போன லென்ஸை எந்தப் பயிற்சியாலும் இளக்க முடியாது என்பதால் அதில் பணத்தையும் நேரத்தையும் செலவிடுவது வீண்.

கணக்கோடு பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஒன்றாகப் படித்த மூவர், மூவருக்கும் வயது 46, மூவரின் லென்ஸுக்கும் இன்னும் 3.5 டயாப்டர் உப்பும் சக்தி மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு எந்தப் பவரும் கிடையாது. முழு முயற்சியில் அவரால் 29 சென்டிமீட்டர் வரை கிட்டத்தில் பார்க்க முடியும். ஆனால் முழுச் சக்தியையும் செலவழித்து யாராலும் அரை மணி நேரம் படிக்க முடியாது. பாதியைக் கையிருப்பாக வைத்திருந்தால்தான் வசதி. பாதி என்றால் 1.75, அது 57 சென்டிமீட்டருக்குச் சரி. எனவே செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கிறார். 40 சென்டிமீட்டரில் படிக்க 2.5 வேண்டும், குறைவது 0.75. படிக்க மட்டும் +0.75 அல்லது +1 கண்ணாடி கொடுப்பார்கள்.

இரண்டாமவருக்கு மைனஸ் 2.5, கிட்டப்பார்வை. பெரும்பாலும் இவர்களுடைய விழிக்கோளம் முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டிருக்கும். சராசரி நீளம் 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ இரண்டரையிலிருந்து மூன்று டயாப்டர் வித்தியாசம் வந்துவிடும். கண்ணாடியைக் கழற்றினால் இவர் கண் எந்த முயற்சியும் இல்லாமல் 40 சென்டிமீட்டரில் குவிந்து நிற்கும். நண்பர் கை நீட்டும்போது இவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுச் சுகமாகப் படிப்பார். வெள்ளெழுத்து தனக்கு வரவே இல்லை என்றும் சொல்லுவார். வந்திருக்கிறது. தூரத்துக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டே படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூவரில் நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாமவரைப் பற்றித்தான். அவருக்குப் பிளஸ் 2, தூரப்பார்வை, ஆனால் கண்ணாடி போட்டதே இல்லை. சிறுவயதில் லென்ஸ் பத்து டயாப்டருக்கும் மேல் உப்பும் என்பதால், தேவைப்பட்ட இரண்டைச் சத்தமில்லாமல் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். பலகையில் கடைசி வரிவரை படித்தார். இன்று தூரத்தைப் பார்ப்பதற்கே மூன்றரையில் இரண்டு போய்விடுகிறது. மிச்சம் ஒன்றரை, அதையும் முழுதாகச் செலவிட்டால் 67 சென்டிமீட்டர்தான் எட்டும். மாலையானால் புருவத்துக்கு மேல் வலி. இப்படி மறைந்திருக்கும் பிளஸ் பவர் குழந்தைகளிடம் அதிகம் ஏமாற்றும். அதனால்தான் சிலியரி தசையைத் தற்காலிகமாக முடக்கும் சொட்டு மருந்தை விட்டுவிட்டுப் பவர் பார்க்கிறார்கள். சொட்டு விட்ட அன்று கிட்டத்துப் பார்வை மங்குவதும், வெளிச்சத்தில் கண் கூசுவதும் ஒரே காரணத்தால். லென்ஸை உப்ப வைக்கும் தசைக்கும் பாப்பாவைச் சுருக்கும் தசைக்கும் ஆணை வருவது ஒரே நரம்பிலிருந்து. மருந்து இரண்டையும் சேர்த்துத் தடுக்கிறது.

சுமார் 3 டயாப்டர் வரையிலான கோளாறுகளை ஊசித்துளை நன்றாகத் தெளியவைக்கும். கார்னியா ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைந்திருக்கும் சிலிண்டர் பவரும் இதில் சேர்த்தி. தெளிந்துவிட்டதாலேயே கண்ணாடிக் கடையோடு முடிந்தது என்றும் சொல்ல முடியாது. கார்னியா கூம்புபோல் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோயிலும் துளை தெளிவு தரும், சாதாரணக் கண்ணாடி தராது.

துளை உதவவில்லை என்றால் அறையை இருட்டாக்கி டார்ச்சை எடுப்பார்கள். கண்ணில் ஒளி பட்டால் பாப்பா சுருங்குவது எல்லோரும் பார்த்ததுதான். அந்தச் செய்தி போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் இந்தச் சோதனையின் நுட்பம் புரியும். விழித்திரையில் எழுந்த செய்தி பார்வை நரம்பு வழியாக மூளைக்குள் நுழைகிறது. காட்சிக்கான இழைகள் பிடரிப் பக்கம் உள்ள பார்வை மையத்தை நோக்கிப் போக, பாப்பாவுக்கான இழைகள் அங்கே போகாமல் இடையிலேயே பிரிந்து நடுமூளையின் பின்புறத்தில் ஒரு நரம்பணுக் கூட்டத்தை அடைகின்றன. அங்கிருந்து இடம், வலம் இரண்டு பக்கத்து எடிங்கர்–வெஸ்ட்பால் கருக்களுக்கும் செய்தி போகிறது. அவற்றின் ஆணை மூன்றாவது மூளை நரம்பின் வழியாகக் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு நரம்பு முடிச்சை அடைந்து, அங்கே கைமாறிப் பாப்பாவின் சுருக்குத் தசைக்குப் போகிறது. இதில் முக்கியமானது, செய்தி இரு பக்கமும் பிரிவது. எந்தக் கண்ணில் ஒளி பட்டாலும் இரண்டு பாப்பாவும் ஒரே அளவில் சுருங்கும்.

இதன் விளைவு ஒன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருவருக்கு இடது பார்வை நரம்பு வீங்கிப் பழுதாகியிருக்கிறது என்று கொள்வோம். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பாப்பாவும் சமம். குறை எதுவும் தெரியாது. மருத்துவர் அவரைத் தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லுவார். கிட்டத்தைப் பார்த்தாலே பாப்பா சுருங்கும், அது கணக்கைக் குழப்பும். டார்ச்சை வலக்கண்ணில் இரண்டு மூன்று நொடி காட்டுகிறார். இரண்டு பாப்பாவும் நன்றாகச் சுருங்குகின்றன. சட்டென்று இடக்கண்ணுக்கு மாற்றுகிறார். ஒளி நேராக அடிக்கும்போதே இரண்டும் விரிகின்றன. இடது நரம்பு அனுப்பும் செய்தி பலவீனமானது, நடுமூளைக்கு வெளிச்சம் குறைந்துபோனதாகவே தோன்றுகிறது. மறுபடி வலப்பக்கம், மறுபடி சுருக்கம். இந்த ஊசலாட்டத்தைப் பவர் கோளாறு எதுவும் உண்டாக்காது. முற்றிய கண்புரைகூட உண்டாக்காது, புரையின் வழியாகச் சிதறி நுழையும் ஒளியே நரம்பைத் தூண்டப் போதும். ஆனால் இரண்டு நரம்பும் சம அளவில் பழுதாகியிருந்தால் வித்தியாசம் காட்டாது. இது ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைதான்.

பாப்பாக்களின் அளவே வேறுபட்டிருந்தால் கோளாறு செய்தி போகும் வழியில் இல்லை, ஆணை திரும்பும் வழியிலோ தசையிலோ இருக்கிறது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு இயல்பாகவே சிறிய வேறுபாடு உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் திடீர்த் தலைவலியோடு ஒரு பக்க இமை தொங்கி, அந்தப் பக்கத்துப் பாப்பா மட்டும் விரிந்திருந்தால் அன்றைக்கே, அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாப்பாவுக்கான இழைகள் மூன்றாவது நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. மூளையின் இரத்தக் குழாய் ஒன்று குமிழாகப் புடைத்து நரம்பை அழுத்தினால் அவைதான் முதலில் நசுங்கும். சர்க்கரை நோயால் அதே நரம்பு பாதிக்கப்படும்போது உட்புற இழைகள் பழுதாகும், பாப்பா பெரும்பாலும் தப்பிவிடும். இமை தொங்கியவரின் பாப்பாவை மருத்துவர் அவ்வளவு உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான். இந்தச் சோதனைகள் எல்லாம் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே முடிய வேண்டும். விட்ட பிறகு சில மணி நேரத்துக்குப் பாப்பா டார்ச்சுக்கு அசையாது.