லிட்டருக்கு இரண்டு ரூபாய்

"வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். தீவன மூட்டை இருநூறு ரூபாய் ஏறிவிட்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் பால் லிட்டர் 52 ரூபாயிலிருந்து 54 ஆகிறது. தினம் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 60 ரூபாய் கூடும். அரை லிட்டருக்கு 30. இந்த மாதக் கணக்கு பழைய விலைதான். முன்பணம் கொடுத்தவர்களுக்கு அது தீரும்வரை பழைய விலை. அளவும் பாலும் மாறாது."

சொந்த மாடு வைத்து வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவர் ஒரு வாரம் முன்னதாகக் கொடுக்கும் சீட்டில் இவ்வளவு இருந்தால் போதும். 'விலைவாசி உயர்வு காரணமாக' என்று மொத்தமாகப் போட்டால் யாரும் நம்புவதில்லை. மூட்டைக் கணக்கைச் சொன்னால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கணக்கு இப்படிப் போகும். தினம் பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்று அடர்தீவனம் வைப்பது வழக்கம். புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு எல்லாம் சேர்ந்து ஐந்தரை கிலோ வரும். ஐம்பது கிலோ மூட்டை இருநூறு ரூபாய் ஏறினால் கிலோவுக்கு நான்கு ரூபாய். ஆக, மாடு ஒன்றுக்கு நாளைக்கு 22 ரூபாய் கூடுதல். அதைப் பத்து லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு இரண்டு ரூபாய் இருபது காசு. கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் மாடு வற்றி நிற்கும். அப்போதும் அது சாப்பிட்டாக வேண்டும். அந்தச் செலவு இதில் வரவே இல்லை. இரண்டு ரூபாயோடு நிறுத்துகிறவர் மீதியைத் தன் கையிலிருந்து போடுகிறார்.

சீட்டு வாங்கியதும் வாசலில் வரும் முதல் கேள்வி தெரிந்ததுதான். "ஏன் தம்பி, ஆவின்ல ஏத்தலையே, நீங்க மட்டும் ஏத்துறீங்க?" "அவங்க பாலுக்கும் நம்ம பாலுக்கும் கணக்கு வேறக்கா" என்பார் பால்காரர். மழுப்பல் மாதிரி தோன்றினாலும் பதில் சரிதான். சமன்படுத்திய பால் என்று வரும் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு மூன்று சதவீதம். கறந்த பசும்பாலில் பெரும்பாலும் நான்கை ஒட்டி இருக்கும். எடுத்த கொழுப்பு வெண்ணெயாகவும் நெய்யாகவும் தனியாக விலைக்குப் போகிறது. தவிர, ஆவினுக்குப் பால் ஊற்றும் உற்பத்தியாளர்களுக்கு 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகையை அரசு தருகிறது. வீட்டுக்கு வீடு ஊற்றுகிறவருக்கு இவை இரண்டும் கிடையாது. அதேபோல, ஆவின் விலையை ஏற்றும்போது தனக்குச் செலவு ஏறாமலேயே 'அவங்களே ஏத்திட்டாங்க' என்று கூடச் சேர்ந்து ஏற்றுவதும் நியாயமில்லை.

சொல்லாமலே ஏற்ற ஒரு வழி இருக்கிறது. 52 ரூபாய்க்கே ஊற்றிக்கொண்டு, இரண்டு ரூபாயைத் தண்ணீரில் எடுத்துவிடலாம். லிட்டருக்கு நாற்பது மில்லிகூட வேண்டாம். சுத்தமான பசும்பாலிலேயே லாக்டோமீட்டர் 28-இலிருந்து 32 வரை காட்டும். முப்பது காட்டிய பாலில் இவ்வளவு தண்ணீர் சேர்த்தால் ஒன்று, ஒன்றேகால் இறங்கி 29-க்குப் பக்கத்தில் நிற்கும். மாடு மாறினாலும் தீவனம் மாறினாலும் அந்த வித்தியாசம் வரும் என்பதால் வீட்டில் யாராலும் பிடிக்க முடியாது. நுரையோடு அளந்து ஊற்றுவது இன்னொரு வழி. அதை மட்டும் பிடிக்கலாம்: பாத்திரத்தில் நுரை அடங்கட்டும், பிறகு நம் வீட்டு அளவையால் அளந்து பார்க்கலாம். பிடிபடாத வழி கையில் இருக்கும்போது சீட்டு எழுதிக் கொடுக்கிறவரிடம் எரிந்து விழுவது, அடுத்த முறை சீட்டு எழுதாதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பதாகத்தான் முடியும்.

தீவனம் இறங்கினால் பால் விலையும் இறங்குமா என்று கேட்பதில் தப்பில்லை. 2021 மே மாதம் ஆவினே லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது. சிறு வியாபாரி குறைப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். மழைக்குப் பிறகு பசுந்தீவனம் கிடைத்ததும் கணக்கை மறுபடி பார்த்துச் சொல்கிறேன் என்றால் போதும்.

சீட்டில் விட்டுப்போகிற ஆட்கள் தினம் கையில் காசு கொடுத்துக் கால் லிட்டர் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு விலை 13 ரூபாயிலிருந்து பதின்மூன்றரை. ஐம்பது காசு யாரிடமும் இல்லை. பதினான்காக வாங்கினால் அவர்களுக்கு மட்டும் லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏறியதாகிவிடும். ஒருநாள் பதின்மூன்று, மறுநாள் பதினான்கு என்று வாங்கலாம். அல்லது பழையபடி பதின்மூன்றே வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் பதினைந்து ரூபாயைச் சேர்த்துக் கேட்கலாம்.